குதிகால் தரையைத் தொடுகிறதா?

ஒன்பது மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். "வாக்கர்ல விட்டா வீடு பூரா ஓடுறான் டாக்டர். கையைப் பிடிச்சு நிறுத்தினா மட்டும் விரல் நுனியிலயே நிக்கிறான்" என்றார். ஏழாம் மாதத்திலிருந்து, அம்மா சமைக்கும் நேரத்தில், தினமும் இரண்டு மணி நேரம் வாக்கரில் உட்காரவைக்கிறார்களாம். குழந்தைகளுக்கான பிசியோதெரபியில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன்.

வாக்கரில் குழந்தை நிற்பதில்லை. நடுவில் உள்ள துணி இருக்கைதான் அதன் எடையைச் சுமக்கிறது. கால்விரல்களால் தரையை உந்தினாலே வண்டி ஓடுவதால், குதிகாலை ஊன்ற வேண்டிய தேவையே வருவதில்லை. முன்னால் உள்ள தட்டு பாதத்தை மறைத்துவிடுகிறது. சாய்ந்தால் சமாளிக்கவும், முழங்காலை மடக்கிக் கீழே இறங்கவும் அங்கே வாய்ப்பு இல்லை.

அயர்லாந்தில் 190 குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. வாக்கரில் கழிந்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும், தனியாக நடப்பது ஏறத்தாழ மூன்று நாள் தள்ளிப்போயிருந்தது. பாட்டி வீட்டுக் கணக்குப்படி இரண்டு மாதத்தில் 120 மணி நேரம். அதாவது பதினைந்து நாளுக்கு மேல். அது பெற்றோர் எழுதிவைத்த குறிப்புகளில் கண்ட தொடர்புதான், ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் வாக்கர் சீக்கிரம் நடக்கவைக்கும் என்று நம்ப அதில் எதுவும் இல்லை.

தாமதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேகம். வாக்கர் ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரும் எழுந்து பிடிப்பதற்குள் குழந்தை வாசற்படியில் இருக்கும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட 2.3 லட்சம் குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் படிகளில் உருண்டவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடைசெய்தது. நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: வாக்கரில் ஏறிய கைக்கு மேஜை விளிம்பு, சூடான காபி டம்ளர், குக்கர் வயர் எல்லாமே எட்டும்.

கதவு நிலையில் மாட்டும் ஜம்பரும் விரல் நுனியில்தான் உந்தவைக்கும். பிடி நழுவினால் குழந்தையோடு கீழே வரும். பவுன்சர் சின்னக் குழந்தைக்குச் சிறிது நேரம் உதவும், ஆனால் அதைத் தரையில் மட்டுமே வைக்க வேண்டும், பெல்ட்டையும் போட வேண்டும். மேஜையிலோ கட்டிலிலோ வைத்தால், குழந்தை ஆட ஆட அது நகர்ந்து விழும். அதில் தூங்கிப்போனால் தூக்கிப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு தடைபடலாம்.

அந்தப் பாட்டிக்குச் சொன்னது இதுதான். வாக்கரை நிறுத்துங்கள். செருப்பும் சாக்ஸும் இல்லாமல் தரையில் விடுங்கள். குழந்தை முட்டிபோட்டு நிமிர்ந்தால் மார்பளவு வரும், அசையாத ஒரு பெஞ்சின் மேல் பிடித்த சாமானை வையுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பை மட்டும் தாங்கி, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றவைத்தால் மீதியை அவனே செய்வான். நின்ற பிறகு சாமானைப் பக்கவாட்டில் ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். அதை எடுக்க நகரும்போது எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும். அந்த எடை மாற்றம்தான் நடையின் ஆரம்பம்.

இறங்கத் தெரியாமல் நின்றபடியே அழும் குழந்தையை உடனே தூக்கிவிடுகிறோம். தூக்காமல், பொம்மையைக் காலடியில் போட்டு, முழங்காலை மெல்ல மடக்கிக் காட்டுங்கள். சமைக்கும் நேரத்துக்கு, சமையலறைக்கு வெளியே தடுப்பு வைத்து, உள்ளேயிருந்து பார்வையில் படும் இடத்தில் ஒரு ஜமக்காளம் போதும்.

"அப்போ நடைவண்டி?" என்றார் பாட்டி. மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டி வேறு விஷயம். அதில் குழந்தை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும். ஆனால் தானாக எழுந்து, பிடித்தபடி பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும் என்பதால் சின்ன மணல் பையை அதில் கட்டி வேகத்தைக் குறைக்கலாம். படி இருக்கும் பக்கம் கூடவே கூடாது.

மூன்று வாரத்தில் குதிகால் தரையில் பட்டது. படாமல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் விறைப்பாக இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருந்தேன். தனியாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்புதான். பதினெட்டு மாதத்தில் நடக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார், அந்த வாக்கரைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாமா என்று. சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னேன்.