துவராடை பூணும் சிறுவன்

மியன்மார் நாட்டுப் பௌத்தர்கள் தம் மகனைச் சில நாள்களேனும் துறவியாக்குவர். இச்சடங்கு ‘ஷின்பியு’ எனப்படும். இளவரசர் சித்தார்த்தர் அரண்மனை துறந்ததை நினைவூட்டுமாறு, சிறுவனுக்குப் பட்டுடுத்தி, குதிரையேற்றி, பொற்குடை பிடித்து ஊர்வலமாக அழைத்துச் செல்வர்.

பின்னர் மடத்தில் பிக்கு ஒருவர் அவன் தலையை மழிப்பார். முடி மண்ணில் விழாதவாறு பெற்றோர் வெண்துணியை விரித்துப் பிடிப்பர். சிறுவன் அழுவதும் உண்டு; தாய் அழுவதும் உண்டு.

அவன் பாலி மொழியில் வேண்டித் துவராடையைப் பெற்று, பத்து நெறிகளை ஏற்பான். நண்பகலுக்குப் பின் உண்ணாமை அவற்றுள் ஒன்று. சிறுவர்க்கு அதுவே கடினம்!

நேற்றுவரை தங்களை வணங்கிய மகனை இப்போது பெற்றோர் வணங்குவர். அவ்வணக்கம் அவன் அணிந்த துவராடைக்கு உரியது. அதனைக் களைந்து வீடு திரும்பியதும், மகனே மீண்டும் அவர்களை வணங்குவான்.