கணக்காளருக்கு ஒரு குறிப்பு

தேக்காவில், பஃபலோ சாலைக்கு அருகே சிறிய பூக்கடை ஒன்றை ஒரு பெண்மணி நடத்தி வருகிறார். அது ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம். சென்ற ஆண்டு வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் இணையம்வழி தெரிவிக்க 18ஆம் தேதி கடைசி நாள். ஆனால், டிசம்பர் மாத வங்கி அறிக்கையில் மூன்று பதிவுகள் கடையின் கணக்கேட்டோடு பொருந்தவில்லை. அறிக்கை முழுவதையும் கணக்காளருக்கு அனுப்பி, அவர் இப்படி எழுதினார்:

"ஐயா, சில பதிவுகள் புரியவில்லை. என்னவென்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "எந்தப் பதிவுகள், அம்மா?"

உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் குறிப்பை வாங்கிப் படித்தாள். "பணத்தை யார் அனுப்பினார்கள் என்று அவருக்கு எப்படி அம்மா தெரியும்? அது நமக்குத்தானே தெரியும்!" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். கடையில் நடந்ததைக் கடைக்காரர்தான் சொல்ல முடியும். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பதுதான் கணக்காளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இருவரும் கைப்பேசிச் செய்திகளையும் ரசீதுகளையும் தேடிப் பார்த்துவிட்டுக் குறிப்பை மாற்றி எழுதினர்:

"ஐயா, டிசம்பர் அறிக்கையில் மூன்று பதிவுகளைப் பற்றி எழுதுகிறேன்.

1. டிசம்பர் 5, பேநவ் மூலம் வந்த 2,000 வெள்ளி. இது என் தம்பி கொடுத்த கடன். அவர் அனுப்பிய செய்தியை இணைத்துள்ளேன். இதை விற்பனையில் சேர்க்காமல் கடன் என்று எழுதலாமா?

2. டிசம்பர் 14, வரவு 294 வெள்ளி. அன்று அட்டைமூலம் நடந்த விற்பனை 300 வெள்ளி. மீதி 6 வெள்ளி சேவைக் கட்டணம். விற்பனை 300, செலவு 6 என்று எழுதலாமா?

3. டிசம்பர் 20, கணக்கிலிருந்து சென்ற 85 வெள்ளி. யாருக்குச் சென்றது என்று இன்னும் தெரியவில்லை. வங்கியிடம் கேட்டிருக்கிறேன்.

முதல் இரண்டுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதினால் போதும். 12ஆம் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்."

முதல் கேள்விதான் முக்கியமானது. அந்த 2,000 வெள்ளி விற்பனையோடு சேர்ந்துவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் அவருடைய வருமானமாகிவிடும்.

மூன்றாவதில், "பூ வாங்கியதாக இருக்கலாம்" என்றுதான் தாயார் முதலில் எழுதியிருந்தார். மகள் அதை அடித்துவிட்டாள். கணக்கில் ஏறிய பிறகு அது வெறும் ஊகம் என்று யாருக்குத் தெரியும்? வரிக் கணக்கின் ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இடையில் ஆணையம் கேட்டால் காட்டுவதற்கு ரசீது இருக்காது.

அன்று பிற்பகலே பதில் வந்தது: "1 ஆம். 2 ஆம். 3 வங்கியின் பதில் வரும்வரை செலவில் சேர்க்கமாட்டேன். தம்பியின் கடனில் ஏதாவது திருப்பிக் கொடுத்தீர்களா? எந்தத் தேதியில், எவ்வளவு?"

தாயார் ஜனவரி மாத அறிக்கையைத் தேடி எடுத்தார்.