இடைநின்ற குரலுக்கு நன்றி

நுழையும்முன்

அயல்நாட்டு மருத்துவமனையில் நோயாளியின் சொல்லை மருத்துவரிடம் சேர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர். அவர் செய்த உதவி எத்தகையது என அறிந்தால்தான் அதற்குரிய நன்றியை எழுத இயலும்.

ஈழத்தமிழர் வாழும் நாடுகளுள் ஒன்று நார்வே. அந்நாட்டு மொழியை அறியாதவருக்கு உரிய உதவி கிடைக்க மொழிபெயர்ப்புத் தேவைப்படும்போது, தகுதிபெற்ற ஒருவரை அமர்த்துவது அரசு அமைப்புகளின் கடமை என்னும் சட்டம் அங்கு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோருக்காகப் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் செய்வதையும் அச்சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓஸ்லோவில் உள்ள மகனிடம் வந்து சேர்ந்த தாய் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இரத்த அழுத்தத்திற்குப் புதிய மாத்திரை உண்ணும் அவர், "டொக்டர், எனக்கு மயக்கமா வருது" என்கிறார். தமிழில் ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். மருத்துவருக்கோ இவை இருவேறு நோய்க்குறிகள். மொழிபெயர்ப்பாளர் தாமாக ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளவில்லை. அச்சொல்லுக்கு இருபொருள் உண்டு என மருத்துவரிடம் கூறி, விளக்கம் கேட்க இசைவு பெறுகிறார்.

"எழும்பேக்க கண் இருட்டும்; நினைவு தப்பினதில்லை" என்கிறார் தாய். மருத்துவர் அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தத்தை அளக்கிறார். நிற்கும்போது அது மிகவும் குறைவதைக் கண்டு, மாத்திரையின் அளவைக் குறைக்கிறார்.

விடைபெறும்போது, "தம்பி, இதை வைச்சுக்கொள்ளுங்கோ" எனத் தாய் பணஉறை ஒன்றை நீட்டுகிறார். "வேண்டாம் அம்மா, எனக்குரிய ஊதியத்தை மருத்துவமனை தரும்" என்று மொழிபெயர்ப்பாளர் மறுக்கிறார். ஒரு பக்கத்தாரிடம் பரிசு பெற்றால் இருவருக்கும் பொதுவானவர் என்னும் நிலை கெடும். மேலும், அறையில் கேட்டவற்றை வெளியில் கூறாமை அவர்தம் கடமை. ஆகவே, தாம் செய்த நற்செயலைக்கூட அவர் பிறரிடம் சொல்ல இயலாது. அதனைச் சொல்லும் உரிமை நோயாளிக்கே உண்டு. எனவே, அவரை அனுப்பிய அலுவலகத்திற்குக் கடிதம் எழுதுவதே தக்க நன்றியாகும். தாய் சொல்ல, மகன் இவ்வாறு எழுதுகிறார்:

"ஐயா, கடந்த செவ்வாய்க்கிழமை எனக்காகத் தாங்கள் அனுப்பிய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு என் நன்றி. நான் கூறிய ஒரு சொல்லுக்கு இருபொருள் இருந்தது. அவர் ஊகிக்காமல் என்னிடமே கேட்டுத் தெளிந்தார். நான் சொன்னதில் எதையும் விடவில்லை, சொல்லாததைச் சேர்க்கவுமில்லை. மருத்துவரிடம் நானே பேசியதுபோல் உணர்ந்தேன். இக்கடிதத்தை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்."

இக்கடிதத்தில் ‘உயிர் காத்த தெய்வம்’ போன்ற மிகைச்சொல் இல்லை. மருத்துவரின் பணி மொழிபெயர்ப்பாளர்மீது ஏற்றப்படவில்லை. நோயின் பெயரும் இல்லை. நாளும் செயலும் தெளிவாக உள்ளன. அதனால், அவருடைய பணித்திறனுக்கு இது சான்றாகவும் நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. ‘மயக்கம்’ போல, மருத்துவரிடம் கூறும்போது இருபொருள் தரக்கூடிய தமிழ்ச்சொற்களைத் தொகுக்க.
2. அயல்நாட்டு அரசு அலுவலகத்தில் உதவிய மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதுக.