“எதிர்பாராத காரணங்களால்…” – ஓர் ஒப்பந்த ஷரத்தைப் பற்றிய பாடம்



நம்மில் பலர் தமிழ்நாட்டு வியாபாரிகளுடன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களைத் தமிழிலேயே எழுதுகிறோம். அவற்றின் கடைசியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: “எதிர்பாராத காரணங்களால் சரக்கு அனுப்ப முடியாமற் போனால் விற்பவர் பொறுப்பாளியல்ல.” ஆங்கில ஒப்பந்தங்களில் ‘ஃபோர்ஸ் மஜோர்’ என்ற பிரெஞ்சுப் பெயரால் வரும் ஷரத்தின் வேலையை இந்த வரி செய்யவேண்டும் என்று எண்ணியே எழுதுகிறோம். அது அந்த வேலையைச் செய்கிறதா என்பதே இப்பாடம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு வியாபாரி ஒருவர் தூத்துக்குடி ஏற்றுமதியாளரிடம் 100 டன் பெரிய வெங்காயத்துக்கு 2023 நவம்பர் 20-ஆம் தேதி ஒப்பந்தம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 31-க்குள் கப்பலில் ஏற்றவேண்டும். 30,000 வெள்ளி முன்பணம் அனுப்பியாகிவிட்டது. ஒப்பந்தத்துக்கு மலேசியச் சட்டம் என்றும் எழுதியிருக்கிறது. டிசம்பர் 8 முதல் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. இது உண்மையில் நடந்தது. முதலில் 2024 மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு நீட்டித்து, மே 4-ஆம் தேதிதான் தடையை நீக்கினார்கள். இப்போது அந்த ஒரே வரியைச் சொல் சொல்லாகப் பார்ப்போம்.

முதலாவது, “எதிர்பாராத”. யார் எதிர்பாராதது? இந்தியா 2019-லும் 2020-லும் இதே வெங்காயத்தைத் தடை செய்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் விதித்தது. அதற்கும் மூன்று வாரம் கழித்தே நம் ஒப்பந்தம். ஆகவே, “அரசாங்கம் கதவை மூடிக்கொண்டே வருவது தெரிந்துதானே கையெழுத்திட்டீர்?” என்று வாங்கியவர் கேட்கலாம். “வரி வரும் என்று தெரியும், முழுத்தடை வரும் என்று தெரியாது” என்று விற்றவர் சொல்லலாம். இருவர் வாதத்துக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. ஆனால் விற்றவருக்கு உண்மையில் வேண்டியது எதிர்பாராமை அல்ல. தம் கைக்கு மீறியதாய் இருப்பதே. அதைச் சொல்லவேண்டுமானால் “தம்மால் தடுக்கமுடியாத” என்று எழுதவேண்டும்.

நம்மவரில் சிலர் “இறைவன் நாட்டத்தால்” என்று எழுதுவதுண்டு. நம் நம்பிக்கைப்படி நடப்பதனைத்தும் அவன் நாட்டமே. ஆகையால் எந்த நிகழ்ச்சி விலக்குக்கு உரியது, எது உரியதல்ல என்பதை ஒப்பந்தத்தில் அச்சொல் பிரித்துக் காட்டாது. “இயற்கைச் சீற்றம்” என்று மட்டும் எழுதினாலோ புயலும் வெள்ளமும் அடங்கும். அரசாங்கத் தடை வெளியே நின்றுவிடும்.

இரண்டாவது, “முடியாமற் போனால்”. முடியாமை வேறு, நஷ்டம் வேறு. 1956-இல் சூயஸ் கால்வாய் அடைபட்டபோது, சூடான் துறைமுகத்திலிருந்து ஹாம்பர்க்குக்கு 300 டன் நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்டவர்கள் அனுப்பாமல் இருந்துவிட்டனர். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் வழி திறந்துதான் இருந்தது; தூரமும் செலவும் அதிகம், அவ்வளவே. 1961-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, ஒப்பந்தம் முறியவில்லை, அனுப்பாதவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நம் உதாரணத்திலும் இதே கேள்வி உண்டு. ஒப்பந்தத்தில் “இந்திய வெங்காயம்” என்று எழுதியிருந்தால், தடை வந்தபின் அனுப்ப வழியில்லை. வெறும் “வெங்காயம்” என்று எழுதியிருந்தால், “பாகிஸ்தானிலிருந்து வாங்கி அனுப்பலாமே” என்று வாங்கியவர் கேட்பார். அது விலை கூடுதல் என்பது விடையாகாது.

மூன்றாவது, “பொறுப்பாளியல்ல”. இங்குதான் பணம் சிக்குகிறது. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பல்லவா, அல்லது முன்பணத்தைத் திருப்பவும் பொறுப்பல்லவா? ஒப்பந்தம் அதோடு முடிந்ததா, அல்லது தடை நீங்கும்வரை நிற்கிறதா? ஜனவரியில் வாங்கியவர் வேறிடத்தில் சரக்கெடுத்துவிட்டார். மே மாதத்தில் தூத்துக்குடிக்காரர், “தடை நீங்கிற்று, சரக்கு தயார், மீதிப் பணம் அனுப்புங்கள்” என்று எழுதினால் என்ன செய்வது? அந்த வரியில் விடையில்லை.

ஷரத்தே இல்லாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? மலேசிய ஒப்பந்தச் சட்டம், 1950, 57-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்துக்குப்பின் செய்ய இயலாததாகவோ, செய்யவேண்டியவர் தடுக்கமுடியாத நிகழ்ச்சியால் சட்டவிரோதமாகவோ ஆகிவிட்ட ஒப்பந்தம் செல்லாது. 66-ஆம் பிரிவு, அதனால் பெற்ற பயனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. சிவில் சட்டம், 1956, 15-ஆம் பிரிவு, முன்பணத்தைத் திரும்பப் பெற வழி செய்வதோடு, விற்றவர் செய்த செலவுக்கு நியாயமானதைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கவும் இடம் தருகிறது. ஆனால் இத்தகைய நிலைக்கென்றே ஒப்பந்தத்தில் ஏற்பாடு எழுதியிருந்தால், அந்த எழுத்தே முன் நிற்கும். ஆகவேதான் தளர்ந்த ஒரு வரி, வரியே இல்லாததைவிடச் சில வேளை அதிகத் தொல்லை தருகிறது. சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை அது பறித்ததா இல்லையா என்பதே வழக்காகிவிடுகிறது.

தளர்வு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இரு தீர்ப்புகளை அறிவது நலம். 1953-இல் இங்கிலாந்தில் ஒரு விற்பனை “ஃபோர்ஸ் மஜோர் நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகள் பலவிதம். எது என்று தெரியவில்லை. ஆகவே ஒப்பந்தமே இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார். 1961-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஆப்பிரிக்கப் பருத்தி பற்றிய தன்ராஜமல் கோவிந்தராம் வழக்கு வந்தது. அதில் “வழக்கமான ஃபோர்ஸ் மஜோர் ஷரத்துக்கு உட்பட்டு” என்றிருந்தது. ‘வழக்கமான’ என்ற ஒரு சொல் இருந்ததால், அந்தப் பருத்தி வியாபாரத்தில் எது வழக்கம் என்பதைச் சாட்சியத்தால் நிச்சயிக்கலாம், ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம். பொருள் நிச்சயமற்ற, நிச்சயிக்கவும் இயலாத ஒப்பந்தம் செல்லாது என்ற விதி மலேசியாவிலும் 30-ஆம் பிரிவாக இருக்கிறது.

தமிழ்ப் பத்திரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்நாட்டு நீதிமன்றத்தில் அதை மொழிபெயர்ப்புடன் கொடுக்கவேண்டும். “எதிர்பாராத” என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லைப் போடுகிறாரோ, வாதம் அதன்மீது நடக்கும்.

ஆதலால் அந்த ஒரு வரிக்குப் பதில் நான்கு வரி எழுதுங்கள். மாதிரிக்கு:

“அரசாங்க ஏற்றுமதி அல்லது இறக்குமதித் தடை, போர், துறைமுக அடைப்பு, புயல், வெள்ளம் ஆகியவற்றில் ஒன்று, விற்பவரால் தடுக்கமுடியாதபடி, முன்னறிந்ததாயினும் அறியாததாயினும், இந்தியாவிலிருந்து இச்சரக்கை அனுப்புவதைத் தடுத்தால், அது நீடிக்கும்வரை அனுப்பும் கடமை நிற்கும். விலை ஏற்றமும் வரி ஏற்றமும் இதில் அடங்கா. விற்பவர் 3 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். தடை 30 நாட்களைத் தாண்டினால் இருவரில் எவரும் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முடித்த 14 நாட்களுக்குள் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.”

நாட்கணக்கை உங்கள் சரக்குக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெங்காயத்துக்கு 30 நாள் அதிகம், மிளகுக்குக் குறைவு. முன்பணத்தில் செலவைக் கழிக்க விற்பவர் கேட்டால், எவ்வளவு வரை என்பதையும் தொகையாகவே எழுதிவிடுங்கள். பெரிய தொகையானால் கையெழுத்திடுமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.