அலமாரிக் கிதாபுகளும் ஐப்பசி மழையும்



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலோர ஊர்களில் பீரோவைத் திறந்ததும் ஒரு முடை நாற்றம் வரும். கிதாபுகளின் அட்டையில் சாம்பல் நிறப் பூசணம் பூத்திருக்கும். பக்கங்களுக்கு நடுவிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வழுக்கி ஓடும். அதற்கு ராமபாணப் பூச்சி என்று பெயர். பூசணம், பூச்சி என்று இவற்றை இரண்டு தொல்லைகளாக நினைக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஈரக்காற்று.

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூசணம் முளைக்கும். ராமபாணத்துக்கும் அந்த ஈரமே வேண்டும். காய்ந்த இடத்தில் அது பெருகாது. அதன் உணவு பைண்டிங்கில் தடவிய மாவுப் பசையும் காகிதத்தின் மேல்பூச்சும்தான். எனவே அது காகிதத்தின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். தின்ற ஓரம் ஒழுங்கற்று, இடம் இடமாக மெலிந்து காணப்படும். புத்தகத்தின் குறுக்கே உருண்டையாகத் துளை போயிருந்தால் அது வண்டின் வேலை. மண் பூசியிருந்தால் கரையான். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

ஒரு வீட்டைப் பார்ப்போம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டி இரும்பு பீரோ நிற்கிறது. அடித்தட்டில் பாலிதீன் உறையில் வீட்டுப் பத்திரம், பக்கத்தில் நெருக்கி அடுக்கிய பத்துப் பழைய கிதாபுகள். சுவர் நனைந்து குளிர்ந்திருக்கிறது. பீரோவின் பின்புறம் காற்று ஓடவில்லை. அதனால் அந்த அடித்தட்டில்தான் ஈரம் முதலில் தங்கும். பாலிதீன் உறையோ, பத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

மழை இல்லாத ஒரு நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் இருக்க வேண்டாம். செய்பவர் என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். பூசணத்தை உடனே துடைக்கக் கூடாது. ஈரப் பூசணம் பிசுபிசுப்பாக இருக்கும், துடைத்தால் காகிதத்துக்குள் அப்பிக்கொள்ளும். கிதாபுகளைச் சற்று விரித்து நிறுத்தி, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் இரண்டு மூன்று நாள் உலர விட வேண்டும். நேர் வெயில் வேண்டாம். மை மங்கும், பழைய காகிதம் நொறுங்கும். பூசணம் பொடியாகக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான பிரஷ்ஷால் நம்மை விட்டு விலகும் திசையில் தட்டிவிட வேண்டும். ஈரத்துணியும் ஸ்பிரிட்டும் காகிதத்தில் படக் கூடாது. சில மைகள் கரைந்துவிடும். கறை மிஞ்சினால் இருக்கட்டும். எழுத்து தப்பினால் போதும்.

பூச்சி இருந்த கிதாபு நன்றாகக் காய்ந்ததும், அதை ஜிப் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் உறையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோர்க்கும். ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் ஐஸ் அறைக்கு அந்தக் குளிர் போதாது. பூசணம் இம்முறையில் சாகாது.

இனி பீரோ. உள்ளே சோப்புத் தண்ணீரால் துடைத்து ஒரு நாள் திறந்தே காய விட வேண்டும். பிறகு சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, நான்கு மரக்கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். முடிந்தால் உள்சுவர்ப் பக்கம் மாற்றுவது நல்லது. கிதாபுகளை ஒரு விரல் நுழையும்படி தளர்வாக அடுக்கி, காகிதங்களை மேல்தட்டில் வைக்க வேண்டும். பத்திரத்தை நன்கு உலர்த்தி, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வைக்கலாம். பீரோவில் சும்மா போட்டால் அது பயன்படாது; இடுக்கு வழியே ஈரம் வந்துகொண்டே இருக்கும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரம் குடித்துவிட்டன என்று பொருள்.

அந்துருண்டை பூசணத்தைத் தடுக்காது; அதன் நெடி கைக்குழந்தைகளுக்குக் கெடுதி. வேப்பிலையும் வசம்பும் பூச்சியை ஓரளவு விரட்டும். ஆனால் பச்சை இலையை வைத்தால் ஈரத்தையும் சேர்த்து வைக்கிறோம். பத்திரத்தை லேமினேஷன் செய்வது உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவிடுவதாகும், பிறகு பிரிக்கவும் முடியாது.

பூசணம் பிடித்த முஸ்ஹபையும் அரபுத்தமிழ்க் கிதாபையும் அடக்கம் செய்யக் கொண்டு வருவதற்கு முன், மேலே சொன்னபடி ஒரு முறை உலர்த்திப் பாருங்கள். எழுத்து முழுதாக இருந்தால் அது இன்னும் ஓதத்தக்கதே. வீட்டுப் பத்திரம் கெட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பாட்டனார் கையால் எழுதிய கிதாபுக்கு நகல் எங்கும் கிடையாது. உலர்த்தத் தொடங்கும்போது அதை முதலில் எடுங்கள்.