சீட்டா, குழுச் சேமிப்பா, குறுங்கடனா?

டெக்சாஸின் பிளானோவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்குப் பூத்தையல் இயந்திரம் வாங்க 2,000 டாலர் தேவை என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் கூட்டுறவு ஒன்றில் அவர் புதிதாகச் சேர்கிறார். சீட்டு, குழுச் சேமிப்பு, வெளியில் வாங்கும் குறுங்கடன் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் கூட்டத்தில் மூன்றையும் வாய்விட்டு விளக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: ஒருத்தி கட்டாமல் போனால் நஷ்டம் யாருக்கு?

சீட்டு

பத்துப் பேர், மாதம் 200 டாலர், பத்து மாதம். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு அந்த மாதத்து 2,000 டாலர். வட்டி கிடையாது, விண்ணப்பமும் கிடையாது.

இரண்டாம் மாதம் பணம் எடுத்தவர் நான்காம் மாதத்தோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அவர் கட்டியது 800, எடுத்தது 2,000. மிச்சமுள்ள ஆறு மாதங்களிலும் 1,800 தான் சேரும். கடைசியில் எடுக்கும் ஆறு பேரும் ஆளுக்கு 200 டாலர் இழப்பார்கள். வங்கிக் கணக்குக்கு இருக்கும் அரசுக் காப்பீடு சீட்டுக்குக் கிடையாது. அதனால் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பின்வரிசை மாதங்களை ஒதுக்குவதும், எடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவதும் பல சீட்டுகளில் வழக்கம்.

ஊர்ச் சீட்டில் பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அமெரிக்கக் கடன் வரலாற்றில் அது ஏறாது. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் அசெட் ஃபண்ட் 2008 முதல் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. சீட்டையே வட்டியில்லாக் கடனாக எழுதி, ஒவ்வொரு தவணையையும் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரிவிக்கிறது. தாமதமாகக் கட்டினால் அதுவும் அங்கே பதிவாகும்.

குழுச் சேமிப்பு

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களின் வழி இது. பத்துப் பேர் மாதம் 50 டாலர் போட்டால் ஆறு மாதத்தில் 3,000 டாலர் சேரும். அதிலிருந்து உறுப்பினருக்குக் கடன் கொடுக்கிறார்கள். வட்டி குழுவுக்கே திரும்புகிறது.

இங்கே நஷ்டம் எல்லோருடைய சேமிப்பிலிருந்தும் போகும். அதனால் ஒருவர் சேர்த்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கடன் இல்லை என்று ஒரு வரம்பு வைப்பது நல்லது. ஆனால் அந்த வரம்பின்படி நம் தையல்காரருக்கு ஆறாம் மாதத்தில் 900 டாலர்தான் கிடைக்கும். 2,000 டாலருக்கு அவர் பதினான்கு மாதம் சேமிக்க வேண்டும்.

ஊரில் பழகிய 'ரெண்டு வட்டி'யை இங்கே கொண்டுவர முடியாது. நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். டெக்சாஸில் சொந்தச் செலவுக்கான கடன்களை 10 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். முக்கால் வட்டி, அதாவது ஆண்டுக்கு 9 சதவீதம், அந்த எல்லைக்குள் அடங்கும். அந்தக் கணக்கில் 2,000 டாலர் அசலைப் பத்து சம மாதத் தவணையில் திருப்பினால் மொத்த வட்டி 82.50 டாலர்.

பணம் ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் இருந்தால், வங்கி தரும் வட்டிக்கு வரியும் அவர் பெயரிலேயே வரும். குழுவின் பெயரில் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து என்று வைத்துக்கொள்வதே சரி.

குறுங்கடன்

2008இல் நியூயார்க்கில் கடன் கொடுக்கத் தொடங்கிய கிராமீன் அமெரிக்கா, ஐவர் ஐவராகச் சேரும் பெண்களுக்கு ஈடு கேட்காமல் தொழில் கடன் தருகிறது. தவணை வாராவாரம்.

ஆண்டுக்கு 18 சதவீதம் என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 2,000 டாலரை 26 வாரத்தில் அடைக்க, மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்றால் மொத்த வட்டி 95 டாலருக்குள் முடியும். வாரத்துக்குச் சுமார் 80 டாலர் 50 சென்ட் கட்ட வேண்டும். முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 180 டாலர் ஆகிவிடும். சதவீதம் அதேதான், சுமை ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் 'கடைசி வாரம்வரை மொத்தம் எத்தனை டாலர் கட்டுவேன்?' என்று கேட்க வேண்டும். 'பக்கத்தில் இருப்பவர் தவறினால் அவர் தவணை என் தலையில் விழுமா?' என்பது அடுத்த கேள்வி.

2010இல் ஆந்திரத்தில் குறுங்கடன் பெரும் நெருக்கடியானபோது, ஒரே பெண் பல நிறுவனங்களில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்திருந்தது அடிக்கடி தெரியவந்தது. தவணை கட்டத் தோழியிடம் கைமாற்று கேட்கத் தொடங்கினாலே கூட்டத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் இங்கே தொழில் நடத்தக் கூடாது. தொழிலுக்கென்று கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எது யாருக்கு

கையில் ஆர்டர் இருந்து, வாரம் 80 டாலரைத் தையல் வருமானத்திலிருந்தே எடுக்க முடிந்தால் குறுங்கடன் பொருந்தும். இன்னும் ஓராண்டுக்கு மேல் பொறுக்க முடிந்தால் குழுச் சேமிப்பு. பத்துப் பேரையும் பல ஆண்டுகளாகத் தெரியும், தன் முறை கடைசி மாதத்தில் வந்தாலும் தாங்க முடியும் என்பவருக்குச் சீட்டு.

எதைத் தேர்ந்தாலும், மாதக் கூட்டத்தில் ஒருவர் கணக்கு நோட்டை உரக்க வாசிக்க, மற்றவர்கள் தங்கள் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். யார் கட்டவில்லை என்பது அந்த மாதமே எல்லோர் காதிலும் விழுந்துவிடும். அப்போது பாக்கி ஒரு மாதத் தவணையாகத்தான் இருக்கும்.