இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றனவா? ஒரு வரைபடம் சொல்லும் பதில்

உங்கள் வகுப்பில் ஆஸ்துமா உள்ள நண்பர் யாராவது இருந்தால், அவரிடம் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். ஆழமாக மூச்சை இழுத்து, அதில் ஒரே வீச்சில் வேகமாக ஊத வேண்டும். உள்ளே இருக்கும் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். நுரையீரலிலிருந்து காற்று அதிகபட்சமாக எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்பதை அது காட்டுகிறது. இதன் பெயர் பீக் ஃப்ளோ மீட்டர். அளவு, நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று சொல்லப்படும்.

இப்போது ஒரு கேள்வி. மருத்துவமனையில் இருக்கும் பெரிய மீட்டரில் ஊதினாலும், வீட்டில் இருக்கும் சிறிய மீட்டரில் ஊதினாலும் ஒரே எண்தான் வருமா? சிறிது வேறுபடும் என்றால், எவ்வளவு வேறுபாடு வரை பரவாயில்லை?

இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியலாளர்கள் மார்ட்டின் பிளாண்ட், டக்லஸ் ஆல்ட்மன் இருவரும் 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெரிய ரைட் மீட்டரிலும் சிறிய மினி ரைட் மீட்டரிலும் 17 பேர் ஊதினார்கள். அந்த 17 பேரில் ஐவரின் அளவுகளைப் பாருங்கள். முதல் எண் பெரிய மீட்டர், இரண்டாவது சிறிய மீட்டர்.

- 1-ஆம் நபர்: 494, 512
- 4-ஆம் நபர்: 434, 428
- 7-ஆம் நபர்: 413, 364
- 15-ஆம் நபர்: 178, 259
- 16-ஆம் நபர்: 423, 350

ஒட்டுறவு ஏன் போதாது?

இரண்டு கருவிகளை ஒப்பிடச் சொன்னால் பலரும் முதலில் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவார்கள். இந்த 17 பேரின் அளவுகளுக்கு அது 0.94. அதிகபட்ச மதிப்பு 1 என்பதால், "இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன" என்று முடிவு செய்யத் தோன்றும்.

அந்த முடிவு தவறு. காரணத்தை ஓர் எளிய உதாரணத்தில் காணலாம். ஒரு வெப்பமானி செல்சியஸிலும் மற்றொன்று ஃபாரன்ஹீட்டிலும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 37 காட்டும்போது மற்றது 98.6 காட்டும். ஒன்று ஏறினால் மற்றதும் அதே ஒழுங்கில் ஏறும். ஆகவே ஒட்டுறவு முழுமையாக 1. ஆனால் இரண்டு எண்களில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஒட்டுறவு, புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைகின்றனவா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஒரே எண் வருகிறதா என்று அது கேட்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த 17 பேரில் ஒருவர் 178 மட்டுமே ஊதினார், இன்னொருவர் 656 ஊதினார். ஆட்களுக்கிடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், எந்த இரண்டு மீட்டர்களை வைத்தாலும் பலசாலி அதிகமாகவும் பலவீனமானவர் குறைவாகவும்தான் காட்டுவார்கள். அதனாலேயே ஒட்டுறவு உயர்ந்துவிடும். அது ஆட்களின் வேறுபாட்டைச் சொல்கிறதே தவிர, கருவிகளின் ஒற்றுமையைச் சொல்லவில்லை.

வேறுபாட்டையே வரையுங்கள்

பிளாண்டும் ஆல்ட்மனும் சொன்ன வழி மிக எளிமையானது. நமக்குத் தெரிய வேண்டியது வேறுபாடு. அப்படியானால் வேறுபாட்டையே கணக்கிட்டு வரைந்துவிடலாம்.

ஒவ்வொருவருக்கும் பெரிய மீட்டரின் அளவிலிருந்து சிறிய மீட்டரின் அளவைக் கழியுங்கள். 1-ஆம் நபருக்கு 494 − 512 = −18. 7-ஆம் நபருக்கு +49. 15-ஆம் நபருக்கு −81. 16-ஆம் நபருக்கு +73. இந்த எண்ணை நிலை அச்சில் குறியுங்கள்.

கிடை அச்சில் எதைக் குறிப்பது? பெரிய மீட்டரின் அளவையே குறிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மீட்டரும் தவறு செய்யக்கூடியதுதான். அது தற்செயலாக அதிகமாகக் காட்டும்போது, வேறுபாடும் சேர்ந்து அதிகமாகும். அதனால் இல்லாத ஒரு சாய்வு வரைபடத்தில் தோன்றிவிடும். உண்மையான அளவு நமக்குத் தெரியாது. எனவே இரண்டு அளவுகளின் சராசரியையே கிடை அச்சில் வைக்கிறோம். 1-ஆம் நபருக்கு அது 503, 15-ஆம் நபருக்கு 218.5.

இப்படி 17 புள்ளிகள் இட்டால் உடன்பாட்டு வரைபடம் தயார். இதைப் பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் என்றும் அழைப்பார்கள். கருவிகள் முழுமையாக ஒத்துப்போனால் எல்லாப் புள்ளிகளும் பூச்சியக் கோட்டின் மீதே விழும்.

மூன்று கோடுகள்

அடுத்து இந்த வரைபடத்தில் மூன்று கிடைக்கோடுகள் வரைய வேண்டும். முதல் கோடு, வேறுபாடுகளின் சராசரி. 17 வேறுபாடுகளையும் கூட்டினால் −36. அதை 17 ஆல் வகுத்தால் சுமார் −2.1. சராசரியாகச் சிறிய மீட்டர் நிமிடத்திற்கு 2 லிட்டர்தான் கூடுதலாகக் காட்டுகிறது. நல்ல செய்திபோல் தெரிகிறதா? அவசரப்பட வேண்டாம். +73-உம் −81-உம் கூட்டப்படும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சராசரி சிறியது என்பதால் ஒவ்வொருவரின் வேறுபாடும் சிறியது என்று ஆகாது.

அதனால்தான் வேறுபாடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் பார்க்கிறோம். அதன் திட்ட விலக்கம் 38.8. வேறுபாடுகள் மணி வடிவில் பரவியிருந்தால், அவற்றுள் சுமார் 95 விழுக்காடு, சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத் தூரத்திற்குள் அமையும். துல்லியமாகச் சொன்னால் 1.96 மடங்கு. கட்டுரையில் 2 என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கீழ்க்கோடு: −2.1 − (2 × 38.8) = −79.7
மேல்கோடு: −2.1 + (2 × 38.8) = 75.5

இவையே உடன்பாட்டு எல்லைகள். இதன் பொருள்: இன்னொருவர் இரண்டு மீட்டர்களிலும் ஊதினால், பெரிய மீட்டரைவிடச் சிறிய மீட்டர் 80 லிட்டர் வரை கூடுதலாகவோ, 75 லிட்டர் வரை குறைவாகவோ காட்டக்கூடும். நம் 17 பேரில் எல்லையைத் தாண்டியவர் ஒருவர் மட்டுமே. அவர் −81 பெற்ற 15-ஆம் நபர்.

கணினியில் செய்வதானால், பெரிய மீட்டரின் அளவுகளை A நிரலிலும் சிறியதன் அளவுகளை B நிரலிலும் எழுதி, இவற்றைப் பயன்படுத்துங்கள்:

```
C2:  =A2-B2
D2:  =(A2+B2)/2
F1:  =AVERAGE(C2:C18)
F2:  =STDEV(C2:C18)
F3:  =F1-2*F2
F4:  =F1+2*F2
```

C2, D2 இரண்டையும் 18-ஆம் வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். D கிடை அச்சு, C நிலை அச்சு.

80 லிட்டர் பெரிதா, சிறிதா?

இதற்கு வரைபடம் பதில் சொல்லாது. கருவியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பதில் சொல்லும்.

ஆஸ்துமா நோயாளிகளுக்குப் போக்குவரத்து விளக்குபோல் மூன்று வண்ணத் திட்டம் தரப்படுவதுண்டு. ஒருவரின் சொந்தச் சிறந்த அளவில் 80 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், கவனம் தேவை. 50-க்குக் கீழே சிவப்பு. உடனடி உதவி தேவை.

ஒரு மாணவியின் சிறந்த அளவு 450 என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பச்சை 360-இல் தொடங்குகிறது, சிவப்பு 225-க்குக் கீழே. ஒரு நாள் அவருக்கு மூச்சு இறுக்கமாக இருக்கிறது. பெரிய மீட்டர் 300 காட்டும், அது மஞ்சள். ஆனால் வீட்டு மீட்டர் 80 கூடுதலாகக் காட்டினால் 380, அது பச்சை. அவர் மருந்து எடுக்காமல் பள்ளிக்குப் போய்விடுவார். அதனால்தான் இந்த அளவு வேறுபாடு மருத்துவப் பயன்பாட்டிற்கு ஏற்றதல்ல என்று பிளாண்டும் ஆல்ட்மனும் எழுதினார்கள். ஒட்டுறவு 0.94 இருந்தும் முடிவு இதுதான்.

இதிலிருந்து நேரடியாக ஒரு பாடம் கிடைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்த வேண்டும். சிறந்த அளவையும் அதே மீட்டரில்தான் கண்டறிய வேண்டும்.

ஏற்கத்தக்க வேறுபாடு எவ்வளவு என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது. எல்லைகளைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், கிடைத்த எண்ணுக்கு ஏற்றபடி நம் மனம் வளைந்துகொடுக்கும். மேலும், இரண்டு எல்லைகளும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். சராசரி மட்டும் அடங்கினால் போதாது. அரை பாகை செல்சியஸ் வேறுபாடு வகுப்பறையின் வெப்பத்தை அளக்கும்போது ஒரு பொருட்டே அல்ல. அதே அரை பாகை, ஒருவருக்குக் காய்ச்சலா இல்லையா என்று பார்க்கும்போது முடிவையே மாற்றிவிடும்.

வரைபடத்தைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

புள்ளிகள் ஒரு பட்டைபோலச் சீராகப் பரவியிருந்தால் மேலே செய்த கணக்கு பொருந்தும். புனல்போல், அளவு கூடக் கூட வேறுபாடும் விரிந்தால் பொருந்தாது. அப்போது எல்லைகள் சிறிய அளவுகளுக்கு மிகப் பெரிதாகவும், பெரிய அளவுகளுக்கு மிகச் சிறிதாகவும் இருக்கும். வேறுபாட்டை விழுக்காடாக மாற்றி மீண்டும் வரைந்து பார்ப்பது ஒரு வழி.

சராசரிக் கோடு பூச்சியத்திலிருந்து விலகியிருந்தால் அதைச் சரிசெய்வது எளிது. ஒரு கருவி எப்போதும் 10 கூடுதலாகக் காட்டினால், 10-ஐக் கழித்துவிடலாம். சிதறலை அப்படிக் கழிக்க முடியாது.

அந்தச் சிதறல் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி கருவிக்குள்ளிருந்தே வருகிறது. 17 பேரும் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு முறை ஊதினார்கள். 7-ஆம் நபர் சிறிய மீட்டரில் முதலில் 364 பெற்றார். மறுமுறை அதே மீட்டரில் 460. தன்னோடு தானே ஒத்துப்போகாத கருவி, மற்றொன்றோடு எப்படி ஒத்துப்போகும்? ஆகவே ஒப்பிடும்போது ஒவ்வொரு கருவியிலும் இரண்டு முறை அளப்பது அவசியம்.

கடைசியாக, 17 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதனால் எல்லைக்கோடுகளே உறுதியானவை அல்ல. கீழ்க்கோடு −79.7 என்றோம். ஆனால் அது −114 முதல் −45 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே கட்டுரையின் கணக்கு காட்டுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெவ்வேறு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேறுபாட்டை ஏற்பீர்கள் என்பதை முதலில் நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு குளிர்ந்த நீர் முதல் வெதுவெதுப்பான நீர் வரை 20 குவளைகளில் இரண்டு வெப்பமானிகளையும் ஒரே நேரத்தில் வைத்து அளவுகளைக் குறியுங்கள். வரைபடத்தில் மூன்று கோடுகளையும் போட்ட பிறகு, நோட்டில் எழுதிய எண்ணை நான்காவது, ஐந்தாவது கோடுகளாகப் பூச்சியத்தின் மேலும் கீழும் வரையுங்கள். உங்கள் உடன்பாட்டு எல்லைகள் அவற்றுக்குள் அடங்குகின்றனவா?